அட்டையில் இல்லாத தண்ணீர்

முதல் வாக்கியத்தில் முப்பத்தொரு சொற்கள் இருந்தன. விரல் விட்டு எண்ணினேன். தொண்டையில் உணவு அடைத்து ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஆங்கில வாக்கியம் சொல்ல வந்தது. அது சொல்லி முடிப்பதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். "ஏனுங்க, இத எழுதினவருக்கு மூச்சு நெறையா இருந்திருக்குமாட்ட இருக்குது" என்று கணவரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்கு ஆங்கிலத்தின் மேல் கோபம் வரும் நாட்களில் அவர் தலையைத் தூக்குவதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி புனேவுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. ஔந்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். துணி துவைக்கும் இயந்திரம், இன்சூரன்ஸ் பத்திரம், மாத்திரை டப்பாவுக்குள் எட்டாய் மடித்து வைக்கும் காகிதம் என்று எது வந்தாலும் தமிழாக்கிக் கொடுப்பேன். நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. என்னிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. மூலத்தில் இல்லாததைக் கூட்டக் கூடாது, இருப்பதைக் குறைக்கக் கூடாது. பக்கத்தில் ஊறுகாய் வைத்தால் நன்றாக இருக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் தன் கைப்பக்குவத்தைக் காட்டக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் திமிர் இருக்கும்.

இந்த வேலையைக் கொடுத்தது ஒரு முதலுதவி அறக்கட்டளை. ஹோட்டல், மெஸ், கேன்டீன் சமையல்கட்டுச் சுவர்களில் மாட்டுவதற்கு ஐந்து மொழிகளில் அட்டை. ஒரு பக்கம் தொண்டை அடைப்பு, மறு பக்கம் தீக்காயம். புனேயில் இட்லி தோசை சுடுகிற கைகளில் பாதி நம் ஊர்க் கைகள், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவை. அதனால் தமிழும் உண்டு. ஒரு வாக்கியத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் ஆகாது. ஒரு பக்கத்துக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் ஆகாது. இந்த இரண்டையும் போனில் தேன் மாதிரிச் சொன்னாள் அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர், ஒரு மராத்திப் பெண். குரல்தான் தேன், உள்ளே கருங்கல்.

முப்பத்தொரு சொல்லை ஆறாக்குவதற்கு நான் சளைத்தவள் இல்லை. ஆனால் இந்த முறை வெறும் சவாலாக அது இல்லை. அட்டை யார் சமையல்கட்டுச் சுவரில் தொங்கப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெரு முனையில் ஒரு தமிழ் மெஸ் இருக்கிறது. மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் நடத்துகிறார். சனிக்கிழமை தவறாமல் அங்கேதான் இட்லி மாவு வாங்குவேன். மிக்ஸியில் அரைத்துத் தோற்றுப்போனவள் நான், ஒத்துக்கொள்கிறேன். அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம் வந்தது. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வலது கையும் காலும் கொஞ்சம் பலம் குறைந்துவிட்டன, விழுங்குவதும் மெதுவாகிவிட்டது. குழைவாகக் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் வாசலோரம் முதுகில்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் டோக்கன் கிழித்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவருக்குப் புரையேறும். அக்கா தோசைக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து உச்சந்தலையில் தட்டி, டம்ளர் தண்ணீரை வாயில் வைப்பார். "யாரோ நெனைக்கிறாக" என்று சிரிக்கவும் செய்வார். சிரிப்பு கண்ணுக்கு எட்டாது.

ஒரு சனிக்கிழமை மாவை அளந்துகொண்டே சொன்னார்: "ஒரு நா இல்லாட்டி ஒரு நா, நான் அடுப்புல நிக்கயில, சத்தமில்லாம போயிருவாகளோன்னு பயந்து வருது தாயி. திங்கிற சோறே எமனா வந்துருமோன்னு." மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் இந்த வேலை வந்தது. கடவுளே என்று சொல்லி எடுத்துக்கொண்டேன்.

அட்டையின் மருத்துவம் சரியா என்று பார்க்க அறக்கட்டளை ஒருவரை வைத்திருந்தது. கோர்படியில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ நர்ஸ் அம்மா. பிறப்பால் தமிழர், பிறந்ததும் வளர்ந்ததும் வடக்கே கன்டோன்மென்ட் கன்டோன்மென்டாக. தமிழ் பேசுவார், தட்டுத் தடுமாறி. படிக்க வராது. தமிழ் படிக்கத் தெரியாதவர் தமிழ் அட்டையை எப்படிச் சரிபார்ப்பார் என்று நான் உள்ளுக்குள் எகிறிக் குதித்தேன். அவர் வீட்டுக்குப் போனபோது ஹாலில் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்.

"எனக்கு தமிழ் படிக்க வராது. நீ படி, நான் செய்றேன். என் திமாக், அதான் மூளை, யூஸ் பண்ண மாட்டேன். நீ சொல்றது மட்டும்தான். டீக்?"

"சரிங்க மேடம்" என்றேன். அது எவ்வளவு பெரிய வம்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

"பின்னால் நில்லுங்கள்" என்று முதல் வரியைப் படித்தேன். அம்மா விறுவிறுவென்று நடந்து சமையலறை வாசலில் போய் நின்றார். "பின்னால்தான் நிக்கிறேன். எவ்வளவு பின்னாலன்னு நீ சொல்லலையே." நான் பல்லைக் கடித்துக்கொண்டு "பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நில்லுங்கள்" என்று மாற்றினேன். அடுத்து "முதுகில் ஐந்து முறை தட்டுங்கள்" என்றேன். பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் விடத் தட்டுவது போல ஐந்து தட்டு தட்டினார். இடுப்புக்குப் பக்கத்தில்.

"மேடம், அதெல்லாம் ஆகாதுங்க. இப்படித் தட்டினா அவரு தூங்கிப் போயிருவாரு."

"அப்போ எப்படின்னு எழுது. எங்கே, எதால, எவ்வளவு ஜோரா, பலமா."

மூன்று பிற்பகல்கள் அந்தப் பொம்மையோடு மல்லுக்கட்டினோம். நான் ஒரு வரி படிப்பேன், அவர் வேண்டுமென்றே முட்டாளாவார், நான் திருத்துவேன். கடைசியில் சொல்ல வேண்டியது இப்படி வந்து நின்றது. இருமுகிறாரா? இருமட்டும், தடுக்காதீர்கள். பேச்சும் இருமலும் மூச்சும் வரவில்லையா? தொண்டை அடைத்துவிட்டது. அவரை முன்பக்கம் நன்றாகக் குனிய வையுங்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முதுகில் அடியுங்கள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, ஓங்கி, ஐந்து முறை. வரவில்லை என்றால் அவர் பின்னால் நின்று கட்டிப்பிடியுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வையுங்கள். மறு கையால் முஷ்டியைப் பிடித்து, உள்ளும் மேலுமாக வெடுக்கென்று இழுங்கள், ஐந்து முறை. வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மயங்கி விழுந்தால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முறை வேறு, அவர்களுக்குத் தனி அட்டை. இதையெல்லாம் மடக்கி ஆறு சொல்லுக்குள்ளும் பத்து வரிக்குள்ளும் அடைத்தது என் சாமர்த்தியம். மூலத்திலிருந்த "பதறாதீர்கள்" என்பதையும், தொண்டை அடைப்பு என்றால் என்ன என்ற விளக்கத்தையும்கூட விடாமல் அடைத்துவிட்டேன்.

"ஓங்கி அடியுங்கள்" என்பதில் மட்டும் எனக்கு மனசு இடறியது. "வீட்டு மருமக மாமனாரை எப்படிங்க மேடம் ஓங்கி அடிப்பா?" என்று கேட்டேன்.

"மாமனார் உயிரோட இருந்து அப்புறம் கோச்சுக்கட்டும்" என்றார். அந்தச் சொல் அட்டையில் தங்கிவிட்டது.

என் தமிழை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்தார்கள். அச்சுப் பிசகாமல் மூலத்தோடு பொருந்தியது. தேன் குரல் போனில் என்னைப் பாராட்டியது. இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு சடங்குதான் பாக்கி, சமையல்கட்டில் வேலை செய்கிறவரிடம் அட்டையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என்றாள். "தாராளமா" என்றேன். மெஸ் அக்கா இருக்கும்போது எனக்கென்ன கவலை.

மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்து அடுப்பு அணைந்திருக்கும் மூன்றரை மணிக்குப் போனோம். நர்ஸ் அம்மா பொம்மையைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்ததைப் பார்த்துத் தெருவே நின்றது. அண்ணன் தன் ஸ்டூலைப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "நமக்கு ஒரு தம்பி வந்துருக்கான்" என்றார். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி வாய்விட்டுப் படித்தார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நான் நர்ஸ் அம்மாவைப் பார்த்தேன், எப்படி என் தமிழ் என்கிற மாதிரி.

"சரி, இப்போ இவருக்கு தொண்டை அடைச்சாச்சு" என்று நர்ஸ் அம்மா பொம்மையைக் காட்டினார்.

அக்கா பாய்ந்தார். நேராகத் தண்ணீர்ப் பானைக்கு. ஒரு டம்ளர் மொண்டுகொண்டு ஓடி வந்து பொம்மையின் உச்சந்தலையில் பட்பட்டென்று இரண்டு தட்டு தட்டி, டம்ளரை அதன் வாயில் சாய்த்தார். தண்ணீர் ரப்பர் மோவாயில் வழிந்து தரையெல்லாம் ஓடியது. அதற்குப் பிறகு, அட்டையில் சொன்னது சொன்னபடி, குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே, ஓங்கி ஐந்து அடி. அத்தனையும் கச்சிதம். பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அக்கா! என்னக்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? அட்டைல தண்ணின்னு எங்கியாவது இருக்குதா?"

"வேணாம்னும் இல்லையே தாயி."

"இல்லாதத எதுக்குச் செஞ்சீங்க?"

"தண்ணி குடுக்கிறதுக்கெல்லாமா அட்டையப் பாப்பாக? அது கை தானாச் செய்யிறது" என்றார். அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார்.

நர்ஸ் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். மூச்சே போகாத இடத்தில் தண்ணீர் எப்படிப் போகும்? அடைப்புக்கு மேலே நிற்கும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போகும். தலையில் தட்டினால் தொண்டைக்கு ஒன்றும் நடக்காது. பானைக்கு ஓடித் திரும்பும் நேரம்தான் நஷ்டம், அந்த நேரம் உயிர். சும்மா இருமும்போதும் தண்ணீரை வாயில் ஊற்றாதே, இருமல்தான் மருந்து, அது அடங்கட்டும். அக்கா முகம் வெளுத்துவிட்டது. "இத்தன நாளும் நான் அதத்தான செஞ்சேன்" என்று அண்ணனைப் பார்த்தார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் வந்து உட்கார்ந்தது.

அட்டையைத் திருப்பினோம். "கையில கொதிக்கிற எண்ணெய் கொட்டிடுச்சு" என்றார் நர்ஸ் அம்மா. அக்கா இந்த முறை ஓடவில்லை, அடுப்படியில் இருந்த இட்லி மாவுப் பாத்திரத்துக்கு இரண்டே எட்டு. முழங்கை வரை முக்கப் போனவரை நான் பிடித்து இழுத்தேன்.

"குளிர்ச்சி தாயி! கொப்புளம் போடாது! எங்கம்மா காலத்துலருந்து..."

"கொப்புளம் போடும், சீழும் பிடிக்கும்" என்றார் நர்ஸ் அம்மா. "மாவு வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சாதா குழாய்த் தண்ணி. இருபது நிமிஷம்."

"இருவது நிமிசம் கொழாயத் தொறந்து விட்டா டேங்கு காலியாயிரும். பொறவு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?" அக்கா விடவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வரும் நேரம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். வாளியிலிருந்து குவளை குவளையாக விடாமல் ஊற்றினாலும் சரி என்றார் நர்ஸ் அம்மா. இருபது நிமிடம் என்பது எவ்வளவு என்று அக்கா தன் கணக்கில் யோசித்து, "அப்ப ரெண்டு ஈடு இட்லி வேகுற நேரம்" என்றார். நர்ஸ் அம்மாவுக்கு ஈடு என்றால் புரியவில்லை. ஒரு தடவை அடுப்பேற்றி இறக்கும் இட்லிதான் ஒரு ஈடு என்று விளக்கியதும் கைகொட்டிச் சிரித்தார்.

கடைசியாக ஒரு வரி சிக்கியது. "வீங்கும் முன் வளையல், மோதிரம் கழற்றுங்கள்." அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அவுக இருக்கயில நான் எதுக்கு வளையலக் கழட்டணும்?" குரல் கெட்டியாகிவிட்டது. அண்ணன் தரையைப் பார்த்தார். கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்பும், மணிக்கட்டை இறுக்கிக் கொண்டிருந்தன. வீங்கினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வெறுங்கை என்ற நினைப்பே அவருக்கு அபசகுனம்.

நர்ஸ் அம்மா தன் வாழ்நாளில் எத்தனை மணிக்கட்டுகளைப் பார்த்திருப்பாரோ. "கழட்டி அந்தக் கையில போட்டுக்கோ" என்றார் சாதாரணமாக. "காயமில்லாத கையில. நம்பர் குறையாது."

அக்கா யோசித்தார். பிறகு தலையாட்டினார். "அது செய்யலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். கூட்டாதே, குறைக்காதே! எவ்வளவு அழகான சட்டம்! அந்த ஆங்கிலத்தை எழுதியவருக்கு உச்சந்தலையில் தட்டத் தெரியாது, மாவில் கையை முக்கத் தெரியாது. அதனால் வேண்டாம் என்று எழுதவும் தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அச்சுப் பிசகாமல் பொருந்தியது என்று பெருமைப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு அடுத்தபடி சண்டை பிடிக்கத்தான் வரும்.

மறுநாள் காலையிலேயே தேன் குரலைக் கூப்பிட்டேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்றாள். ஐந்து மொழியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றாள். பத்து வாக்கியம் என்றால் பத்துதான் என்றாள். நானே ஊருக்கெல்லாம் சொல்லும் வேதம் அவள் வாயிலிருந்து வந்தபோது எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா! இந்தியில் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் என் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் காற்றில் பறந்துவிடும்.

"உங்க வீட்ல யாருக்காவது சாப்பிடும்போது அடைச்சா உங்கம்மா என்னம்மா செய்வாங்க? சொல்லு!" என்றேன்.

சின்னக் குரலில் சொன்னாள்: தலையில் தட்டுவார், தண்ணீர் கொடுப்பார். தீப்புண்ணுக்குப் பற்பசை. அப்படியானால் மராத்தியிலும், ஐந்து மொழியிலுமே சேர்க்க வேண்டுமே என்றாள். கருங்கல் அங்கேதான் விரிசல் விட்டது.

இடம் மட்டும் கிடையாது. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று நர்ஸ் அம்மாவைக் கேட்டோம். முதலில் "பதறாதீர்கள்" போனது. அதைப் படித்துப் பதறாமல் இருந்தவர் உலகத்தில் யாருமில்லை என்றார். அடுத்து அந்த விளக்க வரி. அது என் கையிலேயே அழகாக வந்த வரி. "அடைச்சவன் முகத்தைப் பார்த்தா தெரியும், விளக்கம் எதுக்கு?" என்றார். அதையும் வெட்டினேன். கொஞ்சம் வலித்தது. அந்த இரண்டு இடத்தில் இரண்டு வரி வந்தன. தண்ணீர் கொடுக்காதீர்கள். தலையில் தட்டாதீர்கள். தீக்காயப் பக்கத்தில் மூன்று வரியை இரண்டாக்கி மாவுக்கு இடம் பண்ணினேன். வளையல் வரி "வளையலைக் கழற்றி மறு கையில் போடுங்கள்" என்று ஆனது. ஐந்து சொல்.

அட்டை அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பானைக்கு நேர் மேலே மாட்டினார். இருபது நிமிடம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் "2 ஈடு" என்று எழுதிக்கொண்டார். கடைப் பெண்களை எல்லாம் நிறுத்தி, அண்ணனையே பொம்மையாக்கி, எப்படிக் குனிய வைப்பது, எங்கே அடிப்பது என்று இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாராம். அண்ணனிடம் யாராவது எப்படியிருக்கீங்க என்று கேட்டால், "எம்பொண்டாட்டி அடிக்கிறதுக்கு எடம் பாத்து வச்சிருக்கா" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

இரண்டு மாதம் இருக்கும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாவுக்குப் போயிருந்தேன். அக்கா உள்ளே சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் அண்ணனோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். கடக்வாஸ்லா அணைப் பக்கம் நல்ல மழையாம், இனித் தண்ணீர்க் கஷ்டம் இருக்காது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ம்ம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இடது கை தொண்டையில் இருந்தது. வாய் திறந்திருந்தது. கண் இரண்டும் என்னையே பார்த்தன. இருமல் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. மடியில் பாதி உளுந்து வடை கிடந்தது. குழைவாகத்தான் சாப்பிட வேண்டும் என்று தெரிந்த மனிதர், அக்கா பார்க்காத நேரத்தில் தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்.

நான் கத்தினேன், அக்கா என்று கத்தினேன். அதன் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும். என் இடது கை அவர் உச்சந்தலையில் தட்டிக்கொண்டிருந்தது. என் வலது கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. எங்கிருந்து எடுத்தேன், எப்போது எடுத்தேன், தெரியாது. டம்ளரை அவர் உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். பானைக்கு மேலே நான் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் புறங்கை வந்து டம்ளரில் விழுந்தது. அது பறந்து சுவரில் மோதியது. "தண்ணி குடுக்காதீங்க!" என்று கத்தினார். "தலையில தட்டாதீங்க! நவுருங்க அங்கிட்டு! போனப் போடுங்க!"

அண்ணனின் நெஞ்சை ஒரு கையால் தாங்கிக் குனிய வைத்தார். தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி அடித்தார். வளையல்கள் ஒவ்வொரு அடிக்கும் சலசலத்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வாய்விட்டு எண்ணினார். வரவில்லை. அவர் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் 108-க்குப் போன் போட்டு மராத்தியில் பதில் வரத் தமிழில் உளறி, பிறகு இந்தியில் இடத்தைச் சொன்னேன். அக்கா ஸ்டூலுக்குப் பின்னால் போய்க் கையை வளைத்துக் கட்டிப்பிடித்தார். தொப்புளுக்கு மேலே முஷ்டி, மேலே மறு கை. உள்ளும் மேலுமாக வெடுக்கென்று ஒரு இழுப்பு. இன்னொன்று. மூன்றாவது இழுப்பில் வடைத்துண்டு ஒன்று தெறித்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அண்ணன் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு கரகரப்பான, அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

வயிற்றை அப்படி அழுத்திய பிறகு உள்ளே ஏதும் அடிபட்டதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அதுவும் நர்ஸ் அம்மா சொல்லித்தந்ததுதான். ஆம்புலன்ஸில் போனோம். மருத்துவமனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அடித்த இடம் மட்டும் சிவந்திருந்தது. யார் முதலுதவி செய்தது என்று டாக்டர் இந்தியில் கேட்டார். அண்ணன் விரலால் அக்காவைக் காட்டினார். "இவதான். எடம் பாத்து வச்சிருந்தா" என்றார். அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். எனக்கு இரண்டு காரணம் இருந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு அக்கா என் பக்கம் திரும்பினார். கோபம் ஒரு துளி இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஏன் தாயி, அந்த அட்டைய எழுதுனது நீங்கதான?"

"நான்தானுங்க அக்கா."

"பொறவு?"

எழுதியது நான்தான். ஆறு சொல்லுக்குள் அடைத்து, போனில் சண்டை போட்டு இடம் வாங்கி, அச்சில் மெய்ப்புப் பார்த்தவள் நான்தான். ஆனால் ஒரு தடவைகூட நான் எழுந்து நின்று செய்து பார்க்கவில்லை. பொம்மையை அடித்தது நர்ஸ் அம்மா, பிறகு அக்கா. நான் நாற்காலியில் உட்கார்ந்து தமிழைத் திருத்திக்கொண்டிருந்தேன். "எனக்குச் சொல்லிக் குடுங்க அக்கா" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணிக்கு, மூடிய மெஸ்ஸுக்குள் நின்றேன். அண்ணனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அக்கா ஸ்டூலில் கோணிப்பையைச் சுற்றிய அரிசி மூட்டை ஒன்றை வைத்திருந்தார். "இப்ப இவுகளுக்கு அடைச்சிருச்சு" என்றார். என் கை பானைப் பக்கம் துடித்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். கையை அடக்கிக்கொண்டு மூட்டையை முன்னால் சாய்த்து ஓங்கி அடித்தேன்.

"இன்னும் ஓங்கி" என்றார்.

என் வீட்டிலும் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. தண்ணீர் ஃபில்டருக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன்.